ஏபிசி வகையும் சேஃப்டி ஸ்டாக்கும்: இரண்டு கேள்விகள், இரண்டு கணக்குகள்

வாசகர் கேள்வி: பம்புகளைப் பழுதுபார்க்கும் பணிமனையில் ஸ்டோர்ஸைக் கவனித்துக்கொள்கிறேன். விலை அதிகமான பொருட்களை ஏ, நடுத்தர விலையுள்ளவற்றை பி, மலிவானவற்றை சி என்று பிரித்திருக்கிறேன். ஏ-க்கு 4 வாரம், பி-க்கு 2 வாரம், சி-க்கு 1 வாரம் என்று சேஃப்டி ஸ்டாக் வைக்கிறேன். இருப்பில் பணம் முடங்குகிறது என்று மேலாளர் சொல்கிறார். ஆனால் மலிவான கேஸ்கெட் தீர்ந்துபோய், பிரித்த பம்புகளை மூட முடியாமல் ஒன்பது நாள் வேலை நின்றது. எங்கே தவறு? பாடப்புத்தகத்தில் அதிகபட்சப் பயன்பாட்டை அதிகபட்ச லீட் டைமால் பெருக்கச் சொல்கிறார்கள். வேறிடத்தில் z என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. எதை எடுப்பது? பத்துப் பொருட்களின் ஓராண்டுக் கணக்கு, வாரவாரியாக வழங்கிய பட்டியல், சரக்கு வந்த தேதிகள் மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

தேதிகளையும் வாரப் பட்டியலையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. அவை இல்லாமல் சேஃப்டி ஸ்டாக் பற்றி உருப்படியாக எதையும் சொல்ல முடியாது. உங்கள் முறையில் இரண்டு தவறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வகை பிரிக்க எடுத்த அளவுகோல் சரியில்லை என்பது முதல் தவறு. அதைச் சரிசெய்வது எளிது. ஒரு பொருளின் வகையை வைத்தே அதன் சேஃப்டி ஸ்டாக்கை முடிவுசெய்வது இரண்டாவது தவறு. கேஸ்கெட் தீர்ந்ததற்கும் பணம் முடங்கியதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வகையிலிருந்து தொடங்குவோம். ஏபிசி முறையை 1951-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் எச். ஃபோர்ட் டிக்கி முன்வைத்தபோதே, அதன் அடிப்படை ஒரு பொருளின் தனி விலையாக இருக்கவில்லை. ஓராண்டில் அந்தப் பொருள் வழியாக எவ்வளவு பணம் ஓடுகிறது என்பதே அடிப்படை. ஆண்டுப் பயன்பாட்டை அலகு விலையால் பெருக்கினால் அது கிடைக்கும். இதை ஆண்டு நுகர்வு மதிப்பு என்போம். நீங்கள் அனுப்பிய பத்துப் பொருட்களையும் அப்படிப் பெருக்கி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கியிருக்கிறேன். கணக்கு எந்த நாணயத்துக்கும் பொருந்தும் என்பதால் எண்ணை மட்டும் எழுதுகிறேன்.

| பொருள் | ஆண்டுப் பயன்பாடு | அலகு விலை | ஆண்டு மதிப்பு | கூட்டுச் சதவீதம் |
|---|---|---|---|---|
| மெக்கானிக்கல் சீல் | 480 | 900 | 4,32,000 | 36 |
| பேரிங் | 1,440 | 250 | 3,60,000 | 66 |
| இம்பெல்லர் | 120 | 1,500 | 1,80,000 | 81 |
| ஷாஃப்ட் | 60 | 1,200 | 72,000 | 87 |
| மோட்டார் | 6 | 9,000 | 54,000 | 91.5 |
| கப்ளிங் | 90 | 400 | 36,000 | 94.5 |
| கேஸ்கெட் | 2,400 | 10 | 24,000 | 96.5 |
| ஓ-ரிங் | 6,000 | 3 | 18,000 | 98 |
| போல்ட்-நட் ஜோடி | 9,000 | 2 | 18,000 | 99.5 |
| கிரீஸ் (கிலோ) | 200 | 30 | 6,000 | 100 |

உங்கள் பட்டியலில் மோட்டார் ஏ வகையின் தலையில் இருக்கிறது. ஆண்டுக்கு ஆறுதான் போகிறது என்பதால், மொத்தப் பணத்தில் அதன் பங்கு 4.5 சதவீதமே. நீங்கள் பி-யில் வைத்த சீலும் பேரிங்கும் சேர்ந்து 66 சதவீதத்தைத் தூக்கிக்கொண்டு போகின்றன. சீல், பேரிங், இம்பெல்லர் மூன்றும் ஏ. ஷாஃப்ட், மோட்டார், கப்ளிங் மூன்றும் பி. மீதி நான்கும் சி. கோட்டை 81-இலும் 94.5-இலும் போட்டதற்குக் காரணம் உண்டு. 80, 95 என்பவை வழக்கமான எல்லைகள்தானே தவிர, விதி அல்ல. பட்டியலில் மதிப்பு சட்டென்று குறையும் இடத்தைத் தேடுங்கள். இம்பெல்லருக்கு அடுத்த ஷாஃப்ட்டில் மதிப்பு பாதிக்கும் கீழே இறங்குகிறது. வகையைப் பிரிக்க அது இயல்பான இடம். கப்ளிங்குக்குக் கீழே அவ்வளவு தெளிவான பள்ளம் இல்லை. அங்கே கோட்டை ஒரு வரி மேலே போட்டாலும் கீழே போட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

பத்தே பொருட்கள் என்பதால் ஏ வகை இங்கே எண்ணிக்கையில் 30 சதவீதமாகத் தெரிகிறது. ஸ்டோர்ஸ் முழுவதையும் போட்டுப் பார்த்தால், பொதுவாக 10 முதல் 20 சதவீதப் பொருட்களுக்குள் ஏ அடங்கிவிடும்.

வகை எதற்காக? உங்கள் நேரத்தை எங்கே செலவிடுவது என்று சொல்வதற்காக. எதை வாரந்தோறும் எண்ணுவது, எதை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும், எந்த சப்ளையரோடு உட்கார்ந்து பேசுவது என்பவற்றுக்கு வகை பதில் தரும். எத்தனை நாள் சரக்கைக் கூடுதலாக வைப்பது என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. ஏனென்றால் ஒரு பொருளின் விலையோ ஆண்டு மதிப்போ, அது எவ்வளவு தாறுமாறாகச் செலவாகிறது என்பதையும் சரக்கு எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதையும் காட்டுவதில்லை. சேஃப்டி ஸ்டாக் இருப்பதே அந்த இரண்டையும் தாங்கத்தான்.

உங்கள் வாரப் பட்டியலிலிருந்து மூன்று பொருட்களை எடுத்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு 48 வேலை வாரங்கள் என்று வைத்திருக்கிறீர்கள், அப்படியே கொள்வோம்.

முதலில் சீல். வாரச் சராசரி 10, வாரத்துக்கு வாரம் திட்ட விலக்கம் 4. லீட் டைம் சராசரி 4 வாரம், அதன் திட்ட விலக்கம் 1 வாரம். சூத்திரம் இது:

```
SS = z × √( L × σd² + d² × σL² )
```

d என்பது வாரச் சராசரிப் பயன்பாடு. σd அதன் திட்ட விலக்கம். L சராசரி லீட் டைம், σL அதன் திட்ட விலக்கம். ஒரு ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வரும்வரை இருப்பு தீராமல் இருக்க எத்தனை சதவீத உறுதி வேண்டும் என்பதை z குறிக்கிறது. 90 சதவீதத்துக்கு 1.28, 95-க்கு 1.645, 98-க்கு 2.05, 99-க்கு 2.33.

வர்க்கமூலத்துக்குள் இருக்கும் முதல் பகுதி 4 × 16, அதாவது 64. இரண்டாவது 100 × 1, அதாவது 100. கூட்டினால் 164, வர்க்கமூலம் 12.8. 95 சதவீத உறுதிக்கு 1.645-ஆல் பெருக்கினால் 21-க்குச் சற்று மேல் வரும். மேல்நோக்கி முழுமையாக்கி 22 சீல் என்று கொள்ளுங்கள். மறு ஆர்டர் அளவு 4 × 10 + 22 = 62.

அந்த 64-ஐயும் 100-ஐயும் கொஞ்சம் நின்று பாருங்கள். பணிமனையின் பயன்பாடு ஏறி இறங்குவதைவிட, சப்ளையர் தேதி தவறுவதுதான் சீலின் சேஃப்டி ஸ்டாக்கை அதிகம் ஏற்றுகிறது. சரக்கு எப்போதும் சரியாக 4 வாரத்தில் வந்தால் இரண்டாவது பகுதி பூஜ்யமாகும். 22 இருந்த இடத்தில் 14 போதும். தேதி தவறுவது அப்படியே இருக்க, லீட் டைமை மட்டும் 4-இலிருந்து 2 வாரமாகக் குறைத்தால் 19-க்குத்தான் இறங்கும். ஆகவே சீல் சப்ளையரிடம் பேசப் போகும்போது, சீக்கிரம் அனுப்பச் சொல்வதைவிடச் சொன்ன தேதியில் அனுப்பச் சொல்வதே அதிகப் பலன் தரும். ஏ வகைப் பொருள் என்பதால் அந்தப் பேச்சுக்குச் செலவிடும் நேரம் வீணாகாது. ஏபிசியின் உண்மையான பயன் இதுதான்.

அடுத்து கேஸ்கெட். வாரச் சராசரி 50, திட்ட விலக்கம் 20. லீட் டைம் 6 வாரம், அதன் திட்ட விலக்கம் 2 வாரம். முதல் பகுதி 6 × 400 = 2,400; இரண்டாவது 2,500 × 4 = 10,000. கூட்டுத்தொகை 12,400, வர்க்கமூலம் 111.4. நீங்கள் வைத்திருந்த சேஃப்டி ஸ்டாக் ஒரு வாரச் சரக்கு, அதாவது 50. அதை 111.4-ஆல் வகுத்தால் z 0.45 ஆகிறது. அதற்கு உரிய உறுதி 67 சதவீதம். மூன்று ஆர்டருக்கு ஒருமுறை, சரக்கு வருவதற்குள் கேஸ்கெட் தீரும் என்று உங்கள் விதியே ஏற்பாடு செய்து வைத்திருந்தது. ஆண்டுக்கு நான்கு ஆர்டர் போடுகிறீர்கள் என்பதால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை இது நடந்தே தீரும். நின்றுபோன அந்த ஒன்பது நாள் தற்செயல் அல்ல.

இது உங்கள் மாதாந்திர அறிக்கையில் ஏன் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேட்டதில் எத்தனை சதவீதம் வழங்கினோம் என்று அந்த அறிக்கை பார்க்கிறது. 50 சேஃப்டி ஸ்டாக்கோடு, ஒரு ஆர்டர் சுற்றுக்குச் சராசரியாக 24 கேஸ்கெட்தான் குறையும். ஆண்டுக்கு சுமார் 95. 2,400-இல் 95 என்பது 4 சதவீதம். ஆக அறிக்கை 96 சதவீதம் என்று நல்ல எண்ணைக் காட்டும். அந்த 4 சதவீதம் ஆண்டு முழுக்கப் பரவி வராமல், ஓரிரு முறை மொத்தமாகக் குவிந்து வரும். வேலை நிற்பது அப்போதுதான். மூன்றில் ஒரு சுற்றில் தீர்வதும், 96 சதவீதம் வழங்குவதும் ஒரே இருப்பின் இரண்டு அளவீடுகள். எதைக் கேட்கிறோம் என்று தெரிந்தே கேட்க வேண்டும். z சூத்திரம் தருவது முதலாவது அளவீட்டை மட்டுமே.

கேஸ்கெட் இல்லாமல் பம்பை மூட முடியாது என்பதால் அதற்கு 99 சதவீத உறுதி கேட்பது நியாயம். 111.4 × 2.33 = 260. கூடுதலாக வைக்க வேண்டியது 210. அதன் மதிப்பு 2,100. ஒரு மோட்டார் விலையில் கால் பங்குகூட இல்லை.

கேஸ்கெட் இவ்வளவு முக்கியம் என்றால் அதை ஏ-க்கு ஏற்றிவிடலாமா என்று தோன்றும். வேண்டாம். ஏ-க்கு ஏற்றினால் வாரந்தோறும் எண்ண வேண்டிய பட்டியல் நீளும், கிடைப்பது ஒன்றும் இல்லை. முக்கியத்துவத்துக்குத் தனியாக ஒரு நெடுவரிசை போடுங்கள்: இல்லாவிட்டால் வேலை நிற்கும், தாமதமாகும், சமாளிக்கலாம் என்று மூன்றே நிலைகள். உறுதிச் சதவீதத்தை இந்த நெடுவரிசை முடிவுசெய்யட்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை எண்ணுவது என்பதை ஏபிசி முடிவுசெய்யட்டும். சி வகையில் இருந்துகொண்டே 99 சதவீத உறுதியோடு இருப்பதில் எந்த முரணும் இல்லை. மலிவான பொருளுக்கு உயர்ந்த உறுதி கொடுப்பதுதான் சிக்கனம். அங்கே பாதுகாப்பு மிகக் குறைந்த செலவில் கிடைக்கிறது.

பேரிங்குக்கு வருவோம். முடங்கிய பணத்தில் ஒரு பகுதி இங்கேதான் இருக்கிறது. வாரச் சராசரி 30, திட்ட விலக்கம் 6. லீட் டைம் 1 வாரம், உங்கள் தேதிகளின்படி அது ஒருமுறைகூடத் தவறவில்லை. நீங்கள் வைத்திருப்பது இரண்டு வாரச் சரக்கு, 60. சூத்திரப்படி 95 சதவீத உறுதிக்கு 6 × 1.645, அதாவது 10 போதும் என்று வருகிறது. ஆனால் உடனே 10-க்கு இறக்கிவிடாதீர்கள். இரண்டு திருத்தங்கள் இருக்கின்றன. இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

முதல் திருத்தம் ஆர்டர்களின் எண்ணிக்கை பற்றியது. 95 சதவீதம் என்பது ஒரு ஆர்டர் சுற்றுக்கான உறுதி. கேஸ்கெட்டுக்கு ஆண்டில் நான்கு சுற்று. பேரிங்குக்கு 48 சுற்று. 48-இல் 5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தீரும். அடிக்கடி ஆர்டர் போடும் பொருளுக்கு அதே சதவீதம் அதிகத் தடவை தீர்ந்துபோவதைக் குறிக்கிறது. 99-க்கு ஏற்றினால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றாகும். ஆண்டுக்கு எத்தனை முறை தீர்ந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று முதலில் முடிவுசெய்து, அதை ஆண்டுச் சுற்றுகளால் வகுத்து, அதிலிருந்து சதவீதத்துக்கு வருவதுதான் சரியான வழி.

இரண்டாவது திருத்தம், இருப்பைப் பார்க்கும் இடைவெளி. ஒவ்வொரு முறை பொருள் வழங்கும்போதும் இருப்பைக் கழித்து, மறு ஆர்டர் அளவைத் தொட்ட அன்றே ஆர்டர் போனால் லீட் டைம் மட்டும் போதும். நீங்கள் பேரிங்கை வாரம் ஒருமுறை எண்ணி ஆர்டர் போடுகிறீர்கள். எண்ணிய மறுநாள் பயன்பாடு எகிறினால், அது உங்கள் கண்ணில் படவே ஒரு வாரம் ஆகும்; அதன்பின் சரக்கு வர இன்னொரு வாரம். தாங்க வேண்டியது இரண்டு வாரம். ஆகவே L இருக்கும் இடத்தில் லீட் டைமோடு எண்ணும் இடைவெளியையும் கூட்டிப் போட வேண்டும். 6 × √2 = 8.5; 2.33-ஆல் பெருக்கினால் 20. பேரிங்குக்கு இதுதான் சரியான அளவு. வாரந்தோறும் எண்ணும்போது, கையிருப்பும் வரவேண்டியதும் சேர்ந்து 2 × 30 + 20 = 80 ஆகும் அளவுக்கு ஆர்டர் போடுங்கள். 60-இலிருந்து 20-க்கு இறங்குவதால் 40 பேரிங்கின் பணம் வெளியே வரும்: 10,000.

இதே திருத்தத்தைக் கேஸ்கெட்டுக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் ஒருமுறை, அதாவது 4 வாரத்துக்கு ஒருமுறை எண்ணினால் L 6-இலிருந்து 10 ஆகிறது. 10 × 400 + 10,000 = 14,000; வர்க்கமூலம் 118.3; சேஃப்டி ஸ்டாக் 276. தினமும் கண்காணித்தாலும் 260, மாதம் ஒருமுறை பார்த்தாலும் 276. வித்தியாசம் 16 கேஸ்கெட், மதிப்பு 160. அந்த 160-ஐ மிச்சப்படுத்த யாரும் தினமும் கேஸ்கெட் எண்ண வேண்டாம். சி வகைப் பொருட்களை அடிக்கடி பார்க்கத் தேவையில்லை என்பதற்கு எண்களில் கிடைக்கும் காரணம் இது.

சீலுக்கு வாரம் ஒருமுறை எண்ணுவதாகவும், மாதத்துக்கு ஒரு ஆர்டர் வீதம் ஆண்டுக்கு 12 சுற்று என்றும் கொண்டு 98 சதவீத உறுதி கேட்டால் 28 வருகிறது. ஏறத்தாழ நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தீரும். நீங்கள் வைத்திருப்பது 20. எட்டு சீலுக்கு 7,200, கேஸ்கெட்டுக்கு 226 கூடுதலாக 2,260. மொத்தம் 9,460. பேரிங்கிலிருந்து வெளியே வந்த 10,000-க்குள்ளேயே இரண்டும் முடிந்துவிடுகின்றன. பணம் கூடுதலாகக் கேட்காமல், இருந்த பணத்தை இடம் மாற்றியே இவ்வளவும் நடக்கும் என்று மேலாளரிடம் காட்டுங்கள்.

எக்செல்லில் போடுவதானால் B-இல் வாரச் சராசரி, C-இல் அதன் திட்ட விலக்கம், D-இல் லீட் டைமும் எண்ணும் இடைவெளியும் கூட்டிய வாரங்கள், E-இல் லீட் டைமின் திட்ட விலக்கம், F-இல் உறுதி (0.98 போல) வைத்துக்கொண்டு:

```
=ROUNDUP(NORM.S.INV(F2)*SQRT(D2*C2^2+B2^2*E2^2),0)
```

திட்ட விலக்கத்துக்கு STDEV.S போதும்.

இப்போது பாடப்புத்தகச் சூத்திரம். மறு ஆர்டர் அளவு = அதிகபட்சப் பயன்பாடு × அதிகபட்ச லீட் டைம்; அதிலிருந்து சராசரிப் பயன்பாடு × சராசரி லீட் டைமைக் கழித்தால் குறைந்தபட்ச அளவு. சீலில் நீங்கள் கண்ட அதிகபட்ச வாரப் பயன்பாடு 18, அதிகபட்ச லீட் டைம் 6 வாரம். பெருக்கினால் 108, சராசரி 40-ஐக் கழித்தால் 68 சீல். z சூத்திரம் 22 சொன்ன இடத்தில் இது 68 சொல்கிறது. மதிப்பில் 41,400 வித்தியாசம். மிக மோசமான ஒரு வாரம் தொடர்ந்து ஆறு முறை வந்து, அதே நேரத்தில் சரக்கும் மிகத் தாமதமாக வந்தாலும் தாங்க வேண்டும் என்று அந்தச் சூத்திரம் கேட்கிறது. இன்னொரு குறையும் உண்டு. எத்தனை ஆண்டுப் பதிவைப் பார்க்கிறோமோ அத்தனைக்கு அதிகபட்சம் ஏறுமே தவிர இறங்காது. பழைய பதிவேட்டைக் கண்டெடுத்தாலே சேஃப்டி ஸ்டாக் கூடிவிடும் என்பது நல்ல முறை அல்ல.

அதற்காக அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்த பொருளுக்கு நாலைந்து வாரப் பதிவுதான் இருக்கிறது என்றால், அதில் திட்ட விலக்கம் கணக்கிடுவதற்கு அர்த்தம் இல்லை. அப்போது அதிகபட்சத்தை வைத்துத் தொடங்குவது பாதுகாப்பானது. ஓராண்டுப் பதிவு சேர்ந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். தேர்வில் அதிகபட்சம், குறைந்தபட்சம் என்று எண்கள் கொடுத்திருந்தால் அந்தச் சூத்திரத்தையும், திட்ட விலக்கமும் உறுதிச் சதவீதமும் கொடுத்திருந்தால் z சூத்திரத்தையும் எடுக்க வேண்டும். தேர்விலும் வேலையிலும் அதிகம் பேர் சறுக்கும் இடம் கால அலகு. மாதத் திட்ட விலக்கம் 8, லீட் டைம் வாரத்தில் என்றால், 8-ஐ நான்கால் வகுத்து 2 என்று எழுதிவிடுகிறார்கள். நான்கின் வர்க்கமூலமான 2-ஆல்தான் வகுக்க வேண்டும்; வாரத் திட்ட விலக்கம் 4. சராசரி மட்டும் நேராக நான்கால் வகுபடும்.

z சூத்திரத்துக்கும் எல்லை உண்டு. ஆண்டுக்கு ஆறே போகும் மோட்டாருக்கு அதைப் போடாதீர்கள். பெரும்பாலான வாரங்களில் பூஜ்யம், எப்போதாவது ஒன்று என்ற பயன்பாட்டுக்கு, z-க்கு அடிப்படையான இயல்நிலைப் பரவல் பொருந்தாது. அதற்குப் பாய்சான் பரவலைப் பயன்படுத்துங்கள். மோட்டாரின் லீட் டைம் 8 வாரம். 48 வாரத்துக்கு 6 என்றால் 8 வாரத்துக்குச் சராசரியாக 1. அந்த எட்டு வாரத்தில் தேவை ஒன்றுக்கு மேல் போகாதிருக்க வாய்ப்பு 74 சதவீதம், இரண்டுக்கு மேல் போகாதிருக்க 92, மூன்றுக்கு மேல் போகாதிருக்க 98. ஒவ்வொரு படிக்கும் 9,000 செலவு. பழுதான மோட்டாரைக் காயில் சுற்றிச் சில நாளில் திருப்பி எடுக்க முடியும் என்றால், இருப்பு இரண்டாகும்போது ஒன்று ஆர்டர் போடுவது போதும். மூன்றாவதற்குப் பணம் போட நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கணக்குக்குள் போகும் எண்களைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை சில. கேஸ்கெட் தீர்ந்திருந்த வாரத்தில் வழங்கல் பட்டியல் பூஜ்யம் காட்டுகிறது. அன்று தேவை பூஜ்யம் அல்ல, கொடுக்க இல்லை, அவ்வளவுதான். அந்த வாரத்தில் கேட்டுத் திரும்பிப் போனதைச் சேர்த்து எழுதாவிட்டால் சராசரி குறைந்துபோகும், அடுத்த முறையும் குறைவாகவே வாங்குவீர்கள். நான் எடுத்த 50-உம் 20-உம் அந்த வாரங்களை நீக்கிவிட்டுக் கணக்கிட்டவை. திரும்பிப் போனதைக் குறிக்க இன்டென்ட் புத்தகத்தில் ஒரு நெடுவரிசை சேருங்கள்.

லீட் டைமை ஆர்டர் கடிதம் போன தேதியிலிருந்து வண்டி வாசலுக்கு வந்த தேதிவரை அளக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அளக்க வேண்டியது, இருப்பு மறு ஆர்டர் அளவைத் தொட்ட நாளிலிருந்து சரக்கு பரிசோதனை முடிந்து அலமாரிக்குப் போன நாள்வரை. ஒப்புதல் கையெழுத்துக்குக் காத்திருந்த நாட்களும், பரிசோதனையில் கிடந்த நாட்களும் இதில் சேரும். உங்கள் சீல் தேதிகளில் அந்த ஒப்புதல் நாட்கள் இல்லை. அவற்றையும் சேர்த்தால் 4 வாரம் என்ற சராசரி கூடக்கூடும். திட்ட விலக்கமும் கூடக்கூடும். முன்கூட்டியே தெரிந்த பெரிய வேலை ஒன்றுக்காக ஒரே வாரத்தில் மொத்தமாக எடுத்த எண்ணிக்கையைப் பட்டியலிலிருந்து பிரித்துவிடுங்கள். அதற்குத் தனி ஆர்டர் போட வேண்டுமே தவிர, அது ஏற்ற இறக்கத்தில் சேராது. பயன்பாடு சில மாதங்கள் தொடர்ந்து ஏறி, பிறகு தொடர்ந்து இறங்கும் பொருளாக இருந்தால், √L குறைவான அளவையே தரும். அதற்கு அந்தந்தப் பருவத்தின் சராசரியை வைத்துத் தனியாகக் கணக்கிடுங்கள்.

கடைசியாக, போட்ட கணக்கு சரியா என்று பார்க்கும் வழி. ஒவ்வொரு பொருளுக்கும், புதுச் சரக்கு அலமாரியில் ஏறுவதற்குச் சற்று முன் இருப்பு எவ்வளவு இருந்தது என்று பின் கார்டில் குறித்து வையுங்கள். பத்துப் பன்னிரண்டு ஆர்டருக்குப் பிறகு அந்த எண்களின் சராசரி சேஃப்டி ஸ்டாக்குக்கு அருகில் வர வேண்டும். ஏறக்குறைய பாதி முறை அதற்குக் கீழேயும் போயிருக்க வேண்டும். சேஃப்டி ஸ்டாக்கைத் தொட்டதும் அவசர ஆர்டர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தொடுவதற்காகவே வைத்த சரக்கு. பேரிங்கின் சராசரி 20-க்கு வெகு மேலே நின்று, ஒருமுறைகூட அதற்குக் கீழே இறங்கவில்லை என்றால் சராசரிப் பயன்பாடு குறைந்திருக்கிறது, மறுபடி கணக்கிடுங்கள். சீலின் சராசரி 28-க்குக் கீழே நகர்ந்துகொண்டே வந்தால், முதலில் லீட் டைம் தேதிகளைத் திறந்து பாருங்கள். சீலின் கணக்கில் எடை அதிகம் அந்தப் பக்கம்தான்.